வளைகுடாவில் மருந்தகம் – 9: முப்பது டிகிரியில் ஒரு சப்போசிட்டரி

துபாய், அபுதாபி, ரியாத் என எந்த ஊரில் மருந்தாளுநர் உரிமத் தேர்வு எழுதுபவர் கையிலும் ஓர் அட்டவணை இருக்கும். மருந்தின் வடிவம், நன்மை, துணைப்பொருட்கள், தயாரிப்புப் படிகள் என்று நான்கு பத்திகள். பலரும் அதைப் பத்தி பத்தியாக மேலிருந்து கீழே மனப்பாடம் செய்கிறார்கள். நான் சொல்வது, வரிசை வரிசையாகக் குறுக்கே படியுங்கள் என்பதே. ஒரு வரிசையில் முதல் கட்டம் அடுத்ததற்குக் காரணமாக இருக்கும்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். வெறும் தூளாக அழுத்தினால் அது சரியாக ஒட்டாது. மாத்திரையின் மேல்பகுதி மூடிபோலக் கழன்றுவிடும். அதனால்தான் போவிடோன் போன்ற பிணைப்பான் சேர்த்து, ஈரக் குறுணையாக்கி, உலர்த்தி, கடைசியில் மெக்னீசியம் ஸ்டியரேட் கலந்து அழுத்துகிறோம். குழந்தைக்குரிய திரவத்தில் 5 மில்லிக்கு 120 மி.கி. வேண்டும். அவ்வளவும் தண்ணீரில் கரையாது. ஆகவே தூளை மிதக்கவைக்க சாந்தன் கம் வருகிறது, பாட்டிலைக் குலுக்கச் சொல்லும் லேபிளும் வருகிறது.

மூன்றாவது வரிசைதான் வளைகுடாவுக்கு முக்கியம்: சப்போசிட்டரி. வாந்தியெடுக்கும் குழந்தைக்கு ஆசனவாய் வழியாகக் காய்ச்சல் மருந்து தரலாம் என்பது நன்மை. அதற்காக அடிப்பொருள் உடல் வெப்பமான 37 டிகிரியில் உருக வேண்டும், அலமாரியில் உருகக் கூடாது. கோகோ வெண்ணெய் 34 முதல் 36 டிகிரிக்குள் உருகுகிறது. சென்னையிலிருந்து ரியாத் வரை எங்கள் கோடைக்கு இது ஆபத்தான எல்லை. வளைகுடா நாடுகளின் பொது நிலைத்தன்மை வழிகாட்டி, மருந்தை 30 டிகிரியிலும் 65 சதவீத ஈரப்பதத்திலும் நீண்டகாலம் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. அந்த அறையில் கோகோ வெண்ணெய்க்கு உருகுவதற்கு இன்னும் நாலைந்து டிகிரிதான் பாக்கி.

அதிலும் ஒரு பொறி உண்டு. கோகோ வெண்ணெய் பல படிக வடிவங்களில் உறையும். பீட்டா வடிவம்தான் நிலையானது. உருக்கும்போது சூடு மிஞ்சினால் பீட்டா விதைகள் எல்லாம் அழிந்துபோகும். பிறகு ஆறும்போது ஆல்ஃபா போன்ற வடிவங்களில் உறைந்து, 25 டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். அச்சில் நன்றாக இறுகியதாகத் தெரிந்து, வெளியே எடுத்ததும் கையில் ஒட்டினால் காரணம் இதுதான். மூன்றில் இரண்டு பங்கை மெல்லிய சூட்டில் உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, மீதியைச் சீவிப் போட்டுக் கலக்குங்கள். உருகாமல் வந்த அந்தத் துருவல் விதையாக நின்று பீட்டாவை மீட்டுக்கொடுக்கும்.

தேர்வில் வரும் கணக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். 1 கிராம் அச்சில் 125 மி.கி. பாராசிட்டமால், பத்து சப்போசிட்டரி. சேதாரத்துக்காக 12 என்று கணக்கிடுவோம். மருந்து 1.5 கிராம். அதன் இடப்பெயர்ச்சி மதிப்பு 1.5, அதாவது 1.5 கிராம் மருந்து 1 கிராம் அடிப்பொருளின் இடத்தைப் பிடிக்கும். எனவே அடிப்பொருள் 12 - 1 = 11 கிராம். இதை மறந்து 12 கிராமும் போட்டால் கலவை 13 அச்சுக்கு ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் சுமார் 115 மி.கி. மட்டுமே இருக்கும். எடையை மட்டும் எடையிலிருந்து கழித்து 10.5 கிராம் போட்டால் மருந்து ஒவ்வொன்றிலும் 130 மி.கி. ஆகும்.

இன்றைய தொழிற்சாலைகள் கோகோ வெண்ணெயைவிடக் கெட்டிக்கொழுப்பு எனப்படும் பாதிச் செயற்கைக் கொழுப்பையே விரும்புகின்றன. படிக வடிவத் தொல்லை அதில் குறைவு. ஆனால் அதுவும் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழேதான் உருகும். ராஸ் அல் கைமாவில் 1980இல் தொடங்கிய ஜுல்ஃபார் போன்ற உள்ளூர் நிறுவனங்களுக்கும் இந்த வரம்பு உண்டு.

கோடையில் வெயிலில் நிறுத்திய காரில் பெட்டியை விட்டுவிட்டு வந்த அம்மா, "இறுகிடுச்சே சார், கொடுக்கலாமா?" என்று கேட்பார். கொழுப்பு உருகி, அதே உறைக்குள் மறுபடி இறுகுவதால் வடிவம் மாறாமல் இருக்கும். ஆனால் உருகிய நேரத்தில் பாராசிட்டமால் தூள் அடியில் படிந்திருக்கும். நெடுக வெட்டிப் பார்த்தால் ஒரு முனையில் வெண்மையாகத் திரண்டிருப்பது தெரியலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முழுதாகச் செலுத்தினாலும் எவ்வளவு வேகமாக வெளிப்படும் என்று சொல்ல முடியாது. பாதியாக வெட்டினாலோ அளவே தவறிவிடும். "வேண்டாம்மா, இதை விட்டுடுங்க, புதுசு வாங்கிக்கோங்க" என்பதே பதில். கொஞ்சம் இளகியிருந்தால் உறையோடு குளிர்ந்த நீரில் பிடிக்கலாம் என்பது, இன்னும் உருகாத சப்போசிட்டரிக்கு மட்டும் பொருந்தும்.

அப்படியானால் 42 டிகிரிக்கு மேலும் உருகாதபடி பாலிஎத்திலீன் கிளைகோலில் செய்யக் கூடாதா? செய்யலாம், அது உருகாமல், குடல் ஈரத்தில் கரைந்து மருந்தை விடும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், குழந்தையின் மெல்லிய சவ்வில் எரிச்சல் தரும், செருகுமுன் நீரில் நனைக்கவும் வேண்டும். ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகளோடு வினைபுரியவும் செய்யும். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தில் பெரும்பாலும் கொழுப்பையே வைத்துக்கொண்டு, கிடங்கையும் வண்டியையும் குளிராக வைக்கிறார்கள்.

அடுத்த வாரம்: ஈரப்பதமும் எஃபர்வெசன்ட் மாத்திரையும்.