சிதறும் துளியை நிறுத்துவது எது?

பானப் புட்டியைச் சுற்றி நீர் சிதற, துளிகள் கண்ணாடி மணிகளைப்போல் அந்தரத்தில் நிற்கும் விளம்பரப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். “துளி பெரிதாக இருக்கட்டும், அசைவு தெரியட்டும், விளிம்பு கூர்மையாக வரட்டும்” என்று கேட்பது எளிது. படம் எடுப்பவரோ இந்த மூன்று சொற்களையும் அறிவியலாக மாற்றியாக வேண்டும்.

முதலில் விளிம்பு. 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், புட்டியைத் தொடும்போது விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் இருக்கும். சிதறும் துளியும் அதே வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/1000 விநாடிக்குள் அது 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள துளி, படத்தில் 6 மில்லிமீட்டர் நீளக் கோடாகத் தெரியும். 1/20,000 விநாடியில் அது நகர்வது 0.15 மில்லிமீட்டர் மட்டுமே. அப்போதுதான் விளிம்பு கூர்மையாகும்.

பெரும்பாலான கேமராக்களின் ஷட்டரால் அவ்வளவு விரைவாகத் திறந்து மூட முடியாது. அதனால் அறையை இருட்டாக்கி, ஷட்டரை 1/200 விநாடி திறந்து வைத்து, அதற்கிடையில் ஃபிளாஷ் ஒளியை ஒருமுறை வெட்டச் செய்கிறார்கள். ஒளி இருந்த நேரம் மட்டுமே படத்தில் பதியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஹரால்ட் எட்ஜர்ட்டன், 1957இல் பால்துளி கிரீடமாகச் சிதறியதைப் படமாக்கியதும் மிகக் குறுகிய ஒளிவெட்டால்தான்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கேமராவின்மேல் பொருத்தும் ஃபிளாஷ், முழுச் சக்தியில் 1/1000 விநாடி அல்லது அதற்கும் மேல் ஒளிரக்கூடும். சக்தியை 1/64 பங்காகக் குறைத்தால், மின்னோட்டம் முன்னதாகவே துண்டிக்கப்பட்டு, ஒளி சுமார் 1/20,000 விநாடியில் முடிந்துவிடும். துளியை நிறுத்த ஒளியைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஃபிளாஷைப் புட்டிக்கு அருகில் கொண்டுவரலாம், அல்லது இரண்டு மூன்றைச் சேர்க்கலாம்.

அடுத்து, துளியின் அளவும் அசைவும். சிதறும் நீர் முதலில் மெல்லிய தகடாக விரிந்து, பின் இழைகளாக நீளும். நீரின் பரப்பு இழுவிசை அந்த இழைகளை நறுக்கித் துளிகளாக்கும். நீரை வேகமாக அடித்தால் துளிகள் சிறுத்துப் பெருகும். கிளிசரின் கலந்து கெட்டியாக்கினால் இழைகள் எளிதில் அறுவதில்லை. அவை நீண்டு வளையும். உறைந்த படத்தில் அசைவை உணர்த்துவது மங்கல் அல்ல, அறுபடவிருக்கும் இந்த இழைகளின் வடிவம்தான்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். துளிகள் பறக்கும் திசையில் மட்டும் நீண்டிருந்தால், ஒளி அதிக நேரம் எரிந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மங்கியிருந்தால், துளி குவியத்திற்கு வெளியே இருக்கிறது. கூர்மையான துளிக்கு மெல்லிய வால் முளைத்திருந்தால், அறை விளக்கை யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள்!