“நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்பார்க்கு என்ன மறுமொழி?

தம்பலகாமத்தில் பெரும்போக நெல் முற்றிவரும் காலம். இயந்திரம் திருத்தும் இளைஞர் ஒருவர் அரிசி ஆலையொன்றுக்குச் சென்று, அறுவடைக்கு முன் உமி நீக்கும் இயந்திரத்தைச் சீர்செய்து தருவதாகக் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியோ, “வேண்டாம் தம்பி, எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள்” என்று சொல்லிவிடுகிறார். இப்போது இளைஞர் செய்ய வேண்டுவது யாது?

“உங்கள் ஆட்களுக்கு இவ்வேலை தெரியாது” என்று வாதிடுவது பெரும்பிழை. ஆலைத் தொழிலாளி அருகிலேயே நிற்கக்கூடும். நாளை வேலை கைமீறும்போது, “அந்தத் தம்பியைக் கூப்பிடுவோம்” என்று சொல்ல வேண்டியவரும் அவரே. அவரைப் புண்படுத்தினால், திரும்பி வரும் வழியை நாமே அடைத்தவர்களாவோம்.

மறுப்பை மனமார ஏற்று ஒன்றே ஒன்று கேட்கலாம்: “நல்லது ஐயா. இந்த வேலையை யார் பார்க்கிறார்?” முதலாளி ஒருவரின் பெயரையும் நாளையும் உடனே சொன்னால், அவர் சொன்னது மெய்யே. தயங்கினால், தடை பணமாகவோ நம்பிக்கையின்மையாகவோ இருக்கலாம். அதைத் துருவுதல் ஆகாது.

அடுத்து, அத்தொழிலாளிக்குப் பயன்படும் குறிப்பொன்றை விட்டுச்செல்ல வேண்டும். அன்று மாலையே இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆட்களே வேலையைச் செய்வது நல்லதே. அவர்களுக்கு உதவியாக ஒரு குறிப்பு. இரண்டு றப்பர் உருளைகளில் வேகமாகச் சுழல்வதே முந்தித் தேயும். இரண்டும் ஒரே அளவினவாயின், அவ்வப்போது இடம் மாற்றிப் பூட்டினால் தேய்வு சமமாகும். இடைவெளி கூடினால் உமி நீங்காத நெல் மிகுதியாக வரும். மிகவும் குறைந்தால் குறுணல் பெருகும். இடைவெளியைச் சரிசெய்த பின்னரும் குறை நீங்காவிடில், ஒருமுறை வந்து பார்த்துச் சொல்கிறேன். அறுவடை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் ஒருமுறை விசாரிக்கலாமா?”

இக்கடிதத்தில் விலையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எந்த நிலையில் தம்மை அழைக்கலாம் என்பதை மட்டும் அது தெளிவாக உரைக்கிறது. அடுத்த சந்திப்புக்குரிய காலமும் ஆலையின் வேலையை ஒட்டியே அமைந்திருக்கிறது.

முதலாளி வேண்டாமென்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். இசைந்தால், குறித்த வாரத்தில் போய், “குறுணல் எப்படி ஐயா?” என்று மட்டும் கேட்டால் போதும். “குறையில்லை” என்றால் மகிழ்ந்து விடைபெற வேண்டும். வாரந்தோறும் வாசலில் நிற்பவரைக் கண்டால் எவர்க்கும் சலிப்பே தோன்றும். அடுத்த முறை சிறுபோக அறுவடைக்கு முன் போகலாம்.

உள்ளாட்கள் திறமைசாலிகளாயின் அந்த வேலை கிடைக்காமலே போகலாம். ஆயினும் அவர்களால் இயலாத பழுது நேரும் நாளில், குறிப்புத் தந்து சென்றவரின் நினைவு அந்தத் தொழிலாளிக்கே முதலில் வரும்.