256 முகவரிகளில் முடங்கிய யூடியூப்

2008 பிப்ரவரி 24 அன்று, அரசு உத்தரவுப்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் தடுக்க முனைந்தது பாகிஸ்தான் டெலிகாம். ஆனால் சில நிமிடங்களில் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்காமல் போனது. யூடியூபின் கணினிகள் நன்றாகவே இயங்கின. அவற்றுக்குப் போகும் வழிதான் மாறியிருந்தது.

இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு: யூடியூபுக்கு 36561, பாகிஸ்தான் டெலிகாமுக்கு 17557. எல்லாப் பாதைகளையும் காட்டும் பொது வரைபடம் கிடையாது. 'இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கும். அவை தங்கள் எண்ணையும் முன்னால் சேர்த்து அடுத்தவற்றுக்குச் சொல்லும். இந்தப் பரிமாற்றத்துக்கான விதிமுறைதான் பி.ஜி.பி. எனப்படும் பார்டர் கேட்வே புரோட்டோகால். அறிவிப்பவர் அந்த முகவரிகளுக்கு உரியவர்தானா என்று அந்த விதிமுறை கேட்பதில்லை.

யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்திருந்தது. அதில் 1,024 முகவரிகள் அடங்கும். பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள்ளிருந்த 208.65.153.0/24 என்ற 256 முகவரிகளைத் தன்னுடையவையாக அறிவித்தது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. அதற்கு வெளிநாட்டு இணைப்பு தந்த ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ நிறுவனமும் அதைச் சரிபார்க்காமல் உலகுக்கு அனுப்பிவிட்டது. ஒரே முகவரிக்கு இரண்டு வழிகள் இருந்தால், குறுகிய தொகுதியைச் சுட்டும் வழியையே ரவுட்டர்கள் எடுக்கும். அதனால் யூடியூபைத் தேடிய போக்குவரத்து பாகிஸ்தான் பக்கம் திரும்பி, அங்கேயே வீணாகியது.

சர்வதேச நேரப்படி மாலை 6.47-க்குத் தொடங்கியது இது. இரவு 8.07-க்கு யூடியூபும் அதே 256 முகவரிகளை அறிவித்தது. இப்போது இரண்டும் ஒரே அளவு என்பதால், யூடியூபுக்கான பாதை குறுகியதாக இருந்த நெட்வொர்க்குகள் பெரும்பாலும் அதன் பக்கம் திரும்பின. 8.18-க்கு அந்தத் தொகுதியை 128 முகவரிகள் கொண்ட இரு பாதிகளாகப் பிரித்து அறிவித்தது. அவ்வளவு சிறிய தொகுதிகளைப் பல நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை. ஏற்றவை எல்லாம் சரியான வழிக்கு வந்தன. 9.01-க்கு, பாகிஸ்தான் டெலிகாமிலிருந்து வந்த அறிவிப்புகளை பி.சி.சி.டபிள்யூ திரும்பப் பெற்ற பிறகே சிக்கல் தீர்ந்தது.

இன்று ஆர்.பி.கே.ஐ. என்ற ஏற்பாடு இருக்கிறது. எந்த முகவரிகளை எந்த எண் அறிவிக்கலாம் என்று உரியவர் டிஜிட்டல் கையொப்பத்துடன் பதிவு செய்கிறார். பொருந்தாத அறிவிப்பைப் பிற நெட்வொர்க்குகள் தள்ளிவிடலாம். ஆனால் அது அறிவிப்பு தொடங்கிய இடத்தை மட்டுமே சோதிக்கிறது. உரியவரின் அறிவிப்பை இடையிலுள்ள நெட்வொர்க் ஒன்று அனுப்பக்கூடாத இடத்துக்கு அனுப்பினால் அதற்குத் தெரியாது. ஆகவே, வாடிக்கையாளர் எந்தெந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்ற பட்டியலை வைத்து, மற்றதையெல்லாம் வாசலிலேயே நிறுத்துவது இணைப்பு தருபவரின் கடமை. 2008-இல் அந்த ஒரு வடிகட்டி இருந்திருந்தால், தடை பாகிஸ்தானைத் தாண்டியிருக்காது.