உடையாத பூட்டும் கன்னக்களவுதான்

வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறது ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஒருவன் அந்தச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, பீரோவில் இருந்த நகையை அள்ளிக்கொண்டு, மறுபடியும் பூட்டிவிட்டுப் போய்விடுகிறான். எதுவும் உடையவில்லை. அதனால் இது வெறும் திருட்டுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 'பர்க்லரி' என்ற பெயரில் தனிக் குற்றம் கிடையாது. 329ஆம் பிரிவின் குற்ற அத்துமீறலில்தான் எல்லாம் தொடங்குகிறது. குற்றம் செய்யவோ, அனுபவத்தில் வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணி அவர் இடத்தில் நுழைந்தால் அது அத்துமீறல். முறைப்படி வந்தவர் அதே எண்ணத்தோடு போக மறுத்தாலும் அப்படியே. மழைக்கு ஒதுங்கி அடுத்தவர் தோப்புக்குள் போனவர்மீது இந்த வழக்கு நிற்காது; அந்தக் கெட்ட எண்ணம் அவரிடம் இல்லை.

அந்த இடம் மனிதர் குடியிருக்கும் கட்டடமோ, கூடாரமோ, படகோ ஆனால் அது வீட்டு அத்துமீறல். கோயிலும், சரக்கு வைக்கும் கிடங்கும் இதில் அடங்கும். முழு ஆளும் உள்ளே போக வேண்டியதில்லை, கை நுழைந்தாலே போதும்.

அடுத்தது, எப்படி நுழைந்தான் என்ற கேள்வி. சுவரில் துளை போடுவது, சுவர் ஏறிக் குதிப்பது, ஜன்னல் வழியாகப் புகுவது, கம்பியை விட்டுத் தாழ்ப்பாளை நீக்குவது, வாசலில் நிற்பவரைத் தள்ளிவிட்டு நுழைவது எல்லாமே 330ஆம் பிரிவின்படி கன்னக்களவு. பூட்டைத் திறப்பதும் அதில் ஒன்று. எந்தச் சாவியால் என்று சட்டம் கேட்பதில்லை. உரிமையாளர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறப்பதைப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே இதற்கு உதாரணமாகச் சொல்லியிருந்தது. திரும்பப் போகும்போது தாழ்ப்பாளை நீக்கி வெளியேறினாலும் கன்னக்களவுதான்.

தண்டனையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். சும்மா திறந்து கிடக்கும் கதவு வழியாகத் திருட நுழைந்தால் அதிகபட்சம் 7 ஆண்டு. பூட்டைத் திறந்து பகலில் நுழைந்தால் 10 ஆண்டு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் 14 ஆண்டு. அதே ஆள், அதே நகை; நுழைந்த வழியும் நேரமும் மட்டும்தான் வேறு.

இதை நிரூபிப்பதில்தான் வழக்குகள் சறுக்குகின்றன. "வீட்டில் நகை காணவில்லை" என்று மட்டும் புகாரில் எழுதினால், கதவு பூட்டியிருந்ததா என்பதே பின்னால் சந்தேகமாகிவிடும். அப்படி நேர்ந்தால் கதவையும் தாழ்ப்பாளையும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். எந்த வழி மூடியிருந்தது, யார் கடைசியாகப் பூட்டினார், எப்போது, சாவி எங்கே இருந்தது என்பதைப் புகாரில் எழுதுங்கள்.