ஒரு மோட்டாரின் பத்தாண்டுக் கணக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊராட்சி குடிநீருக்குப் புது ஆழ்குழாய் மோட்டார் வாங்கும்போது, தீர்மானத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு தொகைதான் ஏறும்: வாங்கும் விலை. பத்தாண்டு மின்கட்டணம் அதில் வருவதில்லை. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றுக்கு 2ஆம் எண் கணக்கு தனியாக இருக்கிறது. மோட்டார் வாங்கும் பணம் வேறு கணக்கிலிருந்து போகும். விலையில் மிச்சம் பிடிப்பது ஒரு கணக்கு, அதற்கான விலையைக் கொடுப்பது இன்னொரு கணக்கு.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை நாளுக்கு நான்கு முறை நிரப்ப வேண்டும். அதாவது 1,20,000 லிட்டர். தண்ணீர் மட்டம் 40 மீட்டர் ஆழத்தில், தொட்டி 15 மீட்டர் உயரத்தில், குழாய் உராய்வுக்கு 5 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். இவ்வளவு தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்க 19.6 யூனிட் போதும். மோட்டாரும் பம்பும் வீணாக்குவதால்தான் கணக்கு ஏறுகிறது. ஒட்டுமொத்தத் திறன் 35 சதவீதமானால் நாளுக்கு 56 யூனிட், 50 சதவீதமானால் 39 யூனிட்.

யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35 சதவீதத் திறனுள்ள முதல் மோட்டாருக்கு ஆண்டுக்கு 1.64 லட்சம், 50 சதவீதத் திறனுள்ள இரண்டாவதற்கு 1.15 லட்சம் ஆகும். முதலாவதன் விலை 60,000, இரண்டாவதன் விலை 85,000, பராமரிப்பு இரண்டுக்கும் ஆண்டுக்கு 10,000 என்று எடுத்துக்கொண்டால், பத்தாண்டில் முதலாவதற்கு ஏறத்தாழ 18 லட்சமும் இரண்டாவதற்கு 13.3 லட்சமும் செலவாகும். அந்த 18 லட்சத்தில் வாங்கும் விலை 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். கூடுதலாகக் கொடுத்த 25,000 ரூபாய் ஆறே மாதத்தில் திரும்பிவிடும். பின்னாளில் மிச்சமாகும் பணத்தை ஆண்டுக்கு 8 சதவீதம் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாலும் மின்சாரத்தில் மட்டும் 3.3 லட்சம் மிஞ்சும்.

ஆனால் திறன் சதவீதம் அந்த 60 மீட்டர் உயரத்துக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். 100 மீட்டருக்கு வடிவமைத்த பம்பை இங்கே இறக்கினால் நல்ல மோட்டாரும் திறனை இழக்கும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், அந்த இடத்தில் திறன் எவ்வளவு என்று எழுதிக் கேட்க வேண்டும். கோடையில் மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதையும் பார்த்துத்தான் அந்த உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

இறக்கிய பிறகு சரிபார்க்கத் தொட்டி இயக்குபவரே போதும். விநியோக வால்வை மூடிவிட்டு, காலித் தொட்டி நிரம்பும்வரை மீட்டர் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல பம்பு ஒரு தொட்டிக்கு 10 யூனிட்டுக்குள் முடிக்கும், மற்றது 14 யூனிட் எடுக்கும். நீர்மட்டம் இறங்காமலேயே 10 இருந்த இடத்தில் 13 வந்தால், மணல் உரசி பம்பின் சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே இறங்கும் குழாயில் கசிவு இருக்கலாம். இந்த எண்ணைத் தீர்மான நகலோடு சேர்த்து வைத்தால், அடுத்த மோட்டார் வாங்கும்போது ஊகத்துக்குப் பதிலாக அந்த ஊரின் சொந்தக் கணக்கே கையில் இருக்கும்.