அந்த வரைபடத்துக்கு யார் அனுமதி தருவது?

வலிகாமத்தின் நிலத்தடி நீரைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிய ஓர் ஆசிரியர், அதைத் தமிழில் நூலாக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வேட்டிலே பிறரின் உருக்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகையைக் காட்டும் வரைபடம். மற்றது, கிணற்று நீரில் நைத்திரேற்றுச் செறிவு பருவத்துக்குப் பருவம் மாறுவதைக் காட்டும் வரைபு. இரண்டையும் எல்செவியர் வெளியிடும் ஓர் ஆய்விதழிலிருந்து எடுத்திருக்கிறார். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதுதானே, நூலில் போட்டால் என்ன என்று கேட்கிறார்.

ஆய்வேடும் நூலும் ஒன்றல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தல், ஆராய்ச்சி, விமர்சனம் போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் பயன்பாடு வணிக நோக்குடையதா, மூலத்தில் எவ்வளவு எடுக்கப்பட்டது, மூலத்தின் விற்பனையை அது பாதிக்குமா என்பவற்றையும் அதே சட்டம் பார்க்கச் சொல்கிறது. நூலகத் தட்டில் இருக்கும் ஆய்வேட்டுக்கு இவை பெரும்பாலும் சாதகமாக நிற்கும். விலை போட்டு விற்கும் நூலுக்கு அப்படி நிற்கும் என்று நம்பி அச்சுக்குக் கொடுக்க முடியாது. வரைபடமும் விளக்கப்படமும் சட்டத்தின் கண்ணில் தனித்தனிப் படைப்புகள். ஆகவே ஒரு கட்டுரையிலிருந்து ஒரே ஒரு படத்தைத்தானே எடுத்தேன் என்ற வாதம் எடுபடாமல் போகலாம். அந்த ஒரு படத்தை அவர் முழுதாகவே எடுத்திருக்கிறார்.

இனி நீர்ப்படுகை வரைபடத்தைக் கூர்ந்து பார்ப்போம். ஆய்விதழில் அதன் கீழே சிறு எழுத்தில் ‘பானபொக்கவைத் தழுவியது’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பானபொக்கவும் பெரேராவும் 2005 இல் நீர்வள சபைக்காக எழுதிய அறிக்கையில் இலங்கையின் நீர்ப்படுகைகளை ஆறு வகையாகப் பிரித்தார்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் படுகை அவற்றில் ஒன்று. அந்த வகைப்பாட்டைக் காட்டும் படம் பிற்கால எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எல்செவியரிடம் பணம் கட்டி உரிமம் வாங்கினாலும் இந்தப் படத்துக்கு அது செல்லாது. தன்னுடையதல்லாத ஒன்றுக்கு அந்த நிறுவனம் அனுமதி தர முடியாது. மூல அறிக்கையைக் கையில் எடுத்து, அதன் பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்த்து, அங்கே குறிப்பிடப்பட்டவருக்கே எழுத வேண்டும். ஊழியர் ஒருவர் தம் பணியின் பகுதியாக ஆக்கியது என்றால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை வேலை கொடுத்த நிறுவனத்துக்கே போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நைத்திரேற்று வரைபின் கீழே அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. கட்டுரையாளர்களே வரைந்தது. அவர்களுள் ஒருவர் நம் ஊரவர், மின்னஞ்சலில் ‘தாராளமாகப் போடுங்கோ’ என்று பதில் தருகிறார். அன்பான பதில்தான், ஆனால் அவர் பதிப்புரிமையை வெளியீட்டாளருக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சொல்லுக்குச் சட்ட வலு இல்லை. கட்டுரையின் இணையப் பக்கத்தில் Get rights and content என்ற இணைப்பை அழுத்தினால் ரைட்ஸ்லிங்க் படிவம் திறக்கும். நூலா ஆய்வேடா, அச்சா மின்னூலா, எத்தனை உருக்கள், மொழிபெயர்ப்பு உண்டா என்று அது கேட்கும். கடைசிக் கேள்விக்கு நம்மவர்கள் ‘இல்லை’ என்று போட்டுவிடுவது வழக்கம். வரைபின் அச்சுகளிலும் குறிகளிலும் உள்ள ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறோம் என்றால் ‘ஆம்’ என்றே போட வேண்டும். அதைச் சொல்லாமல் வாங்கிய உரிமம் தமிழ்ப் பதிப்பில் கைகொடுக்காது.

இவ்வளவும் நடந்ததற்கான சான்றுதான் அனுமதிப் பதிவேடு. ஒரு எக்செல் தாள் போதும், ஆனால் படத்தைத் தேர்ந்த நாளிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுங்கள். உரு இலக்கத்தை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். அத்தியாயங்கள் இடம் மாறும்போது உரு 4 உரு 7 ஆகிவிடும்; உரிமக் கடிதம் வேறு படத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஆசிரியரின் பதிவேட்டில் நைத்திரேற்று வரைபின் வரி இப்படி இருக்கும்:

ப-02 | தற்போது உரு 7 | மூலக் கட்டுரை, ஆண்டு, மூலத்தில் உரு 3, பக்கம் | உரிமையாளர்: எல்செவியர் | செய்யும் மாற்றம்: குறிகள் தமிழில் | கேட்ட திகதி, பதில் வந்த திகதி, உரிம இலக்கம் | நிபந்தனை: அச்சு மட்டும், இத்தனை பிரதி | கட்டாயக் கடன் வரி (சொல்லுக்குச் சொல்) | கோப்பு: p02-license.pdf

நிபந்தனை நிரலைத்தான் அடிக்கடி திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். முதற்பதிப்பு 500 பிரதிக்கு வாங்கிய உரிமத்தோடு இரண்டாம் பதிப்பும் மின்னூலும் போட்டால், அனுமதி பெற்றவரே மீறியவர் ஆகிறார். பதில் வராத கடிதங்களையும் நினைவூட்டல்களையும் திகதியோடு பதியுங்கள். ஆனால் மௌனத்தைச் சம்மதமாக எடுக்காதீர்கள்; அந்தப் படம் நூலில் இடம்பெறக்கூடாது.

திறந்த உரிமக் கட்டுரைகளுக்கும் ஒரு வரி வேண்டும். CC BY என்றால் பெயரும் மூலமும் உரிமமும் செய்த மாற்றமும் சொன்னால் போதும். NC சேர்ந்திருந்தால் விற்கும் நூலுக்குச் சிக்கல், ND சேர்ந்திருந்தால் குறிகளைத் தமிழாக்குவதே சிக்கல். பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளையும் பதிய வேண்டும். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் 1884 இல் இறந்தவர். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரைதான் பதிப்புரிமை என்பதால் அவர் எழுதிய அட்டவணை ஒன்றுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தக் காரணத்தைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

கடன் வரி உருவின் விளக்கக் குறிப்பிலேயே, அதன் முடிவில் வர வேண்டும். முன்னுரையில் மொத்தமாக நன்றி சொல்வதும் உசாத்துணைப் பட்டியலில் சேர்ப்பதும் அதற்கு ஈடாகாது. படத்தை ஒருவர் பிரதியெடுத்து வகுப்பில் காட்டும்போது உரியவரின் பெயரும் கூடவே போக வேண்டும். இப்படி எழுதலாம்: ‘உரு 7. கிணற்று நீரில் நைத்திரேற்றின் பருவ மாற்றம். மூலம்: ஆசிரியர்கள், கட்டுரை, இதழ், ஆண்டு, உரு 3. பதிப்புரிமை எல்செவியர், அனுமதியுடன் மீள்பதிக்கப்படுகிறது. குறிகளின் தமிழாக்கம் நூலாசிரியருடையது.’ வெளியீட்டாளர் ஆங்கிலத்தில் ஒரு வாசகத்தைக் கட்டாயமாக்கியிருந்தால் அதை மாற்றாமல் அப்படியே போட்டு, கீழே தமிழைத் தரலாம்.

அனுமதி கிடைக்காவிட்டால் வழி அடைபடுவதில்லை. வெறும் தரவுக்குச் சட்டம் உரிமை கொடுப்பதில்லை. கட்டுரையில் உள்ள நைத்திரேற்று அளவுகளை எடுத்து, சொந்தமாக வேறு வடிவில் வரைபு அமைத்து, ‘தரவு மூலம்’ என்று குறிப்பிடலாம். வரைபடத்தின் மேல் தாள் வைத்துக் கோடிழுத்துவிட்டு ‘தழுவியது’ என்று போடுவது அப்படியல்ல, அதற்கும் அனுமதி வேண்டும்.

அச்சான பிறகு தவறு தெரிந்தால் உடனே உரிமையாளருக்கு எழுதிப் வெளியான நாளிலிருந்தே செல்லுபடியாகும் உரிமம் கேளுங்கள். விற்காத பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். வேண்டுமென்றே மீறியது நிரூபணமானால் முதற்குற்றத்துக்கே 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கேட்ட கடிதங்களோடு உள்ள பதிவேடு, மீறும் எண்ணம் இருக்கவில்லை என்று காட்ட உதவும். உங்கள் படத்தை வேறொருவர் எடுத்திருந்தால், பதிவு செய்யவில்லையே என்று பின்வாங்க வேண்டாம், இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. மூலக் கோப்பையும் அவர் வெளியிட்ட பக்கத்தையும் சேர்த்து முதலில் கடிதம் அனுப்புங்கள். தீராவிட்டால் தேசிய புலமைச் சொத்து அலுவலகப் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பிக்கலாம், அல்லது தடையுத்தரவும் இழப்பீடும் கேட்டு நீதிமன்றம் போகலாம்.