சித்திரபுரத்தில் துருவ நட்சத்திரமும் தென்சிலுவையும் ஒன்றாகத் தெரிவது ஏன்?

மூணாறு அருகிலுள்ள சித்திரபுரம், நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே மே மாத நடுவில், மேகமில்லாத இரவில் ஒன்பதரை மணிவாக்கில் வடக்கே துருவ நட்சத்திரமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே நேரத்தில் தெரியும்.

எப்படி? துருவ நட்சத்திரம் பூமியின் அச்சு காட்டும் திசையில், வெகு தொலைவில் இருக்கிறது. அதனால் நாம் நிற்கும் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அது தெரியும். சித்திரபுரத்தில் அது 10 பாகை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் அவ்வளவுதான். வடக்கே மலை உயர்ந்திருந்தால் மறைந்துவிடும்.

வானின் வடதுருவம் 10 பாகை மேலே இருந்தால், வானின் தென்துருவம் தொடுவானத்துக்குக் கீழே அதே 10 பாகைதான் இறங்கியிருக்கும். தென்சிலுவையின் அடி நட்சத்திரம் தென்துருவத்திலிருந்து சுமார் 27 பாகை தள்ளி இருக்கிறது. பத்தைக் கழித்தால், உச்சத்தில் அது 17 பாகை உயரத்தில் நிற்கும்.

டெல்லியின் அட்சரேகை 28.6 பாகை. 27-இலிருந்து அதைக் கழித்தால் மிச்சமில்லை. அந்த நட்சத்திரம் அங்கே உதிப்பதே இல்லை. சிட்னியிலோ துருவ நட்சத்திரம் ஒருபோதும் எழாது.